சாம்பல் லேயரில் தெரிந்த ஆச்சி: ஹை பாஸ் வைத்து ஷார்ப்பன் செய்வது பற்றி

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் ஒரு நாள் காலையில் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வயது 84. பின்னால் பழைய தேக்குக் கதவு, கிட்டத்தட்ட கறுப்பு. அதற்கு முன்னால் வெள்ளை வெளேரென்ற முடி, ஒற்றைக்கல் மூக்குத்தி, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை. கேமராவை எடுத்து வந்து பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். 24 மெகாபிக்சல் கேமரா, 85 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 2, ஐஎஸ்ஓ 1600. ஒரு படத்தில் ஆச்சி கேமராவைப் பார்க்காமல் தெருவைப் பார்க்கிறார்கள். அந்தப் படம்தான் படம்.

ஆச்சியின் மகளை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு அதை 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏய்யா, அம்மா மொகம் இப்படியா காஞ்சு கெடக்கு?" என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது சரிதான். கன்னத்தில் ஒவ்வொரு மயிர்த்துளையும் ஒரு புள்ளியாக எழுந்து நின்றது. நெற்றிச் சுருக்கங்கள் பேனாவால் கீறியது போல இருந்தன. முடியைச் சுற்றிக் கதவின் மேல் மையால் வரைந்தது மாதிரி ஒரு கறுப்பு விளிம்பு. கதவிலோ, மணலைத் தூவியது போல நாய்ஸ். நான் செய்தது இவ்வளவுதான்: போட்டோஷாப்பில் Filter > Sharpen > Sharpen More, இரண்டு தடவை. மானிட்டரில் படம் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு செய்தேன். அப்போது படம் 25 சதவீத அளவில்தான் தெரியும். பிக்சல் அளவில் நடக்கிற வேலை அந்த அளவில் கண்ணுக்கே எட்டாது. அதனால்தான் இரண்டாவது தடவையும் போட்டேன்.

அந்த ஃபில்டரில் எந்த அமைப்பும் கிடையாது. எவ்வளவு நுணுக்கமான விவரத்தைத் தொட வேண்டும், எவ்வளவு அழுத்தமாக, எந்த இடத்தில் என்று அது உங்களிடம் கேட்பதே இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குள் வித்தியாசம் இருந்தால் அதைப் பெரிதாக்கும். அந்த வித்தியாசம் கண் இமையா, மயிர்த்துளையா, சென்சாரின் நாய்ஸா என்பது அதற்கு ஒன்றுதான். படத்தின் மேலேயே வேலை செய்துவிடுவதால் சேமித்து மூடிய பிறகு திரும்பிப் போகவும் வழி இல்லை.

ராவ் ஃபைல் கையில் இருந்தது, பிழைத்தேன். இரண்டாவது பிரிண்ட்டை ஹை பாஸ் லேயரில் செய்தேன். அதை எப்படிச் செய்தேன், ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கழித்தால் மிஞ்சுவது

ஹை பாஸ் செய்வது ஒரு கழித்தல். படத்தின் நகல் ஒன்றை மங்கலாக்கி, மூலப் படத்திலிருந்து அந்த மங்கலைக் கழித்துவிடுகிறது. மங்கலான நகலில் பெரிய வடிவங்கள், நிறம், வெளிச்சம் எல்லாம் இருக்கும். நுண்ணிய விவரம் மட்டும் இருக்காது. எனவே கழித்தால் மிஞ்சுவது அந்த நுண்ணிய விவரம்தான். விடை சில இடத்தில் நெகட்டிவாக வரும் என்பதால் எல்லாவற்றோடும் 128ஐக் கூட்டிக்கொள்கிறது. விவரம் ஏதும் இல்லாத இடம் 128, அதாவது நடுச்சாம்பல். அதற்கு மேலே போனால் "இங்கே பிரகாசமாக்கு", கீழே போனால் "இங்கே இருட்டாக்கு" என்று பொருள்.

ஆச்சியின் முடி கதவைச் சந்திக்கிற இடத்தில் ஆறு பிக்சல்களை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கதவை 40, முடியை 160 என்று வைத்துக்கொள்கிறேன். மங்கலாக்குவதற்கு, ஒவ்வொரு பிக்சலுக்கும் தன்னையும் இரண்டு பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறேன். உண்மையான ஃபில்டர் காஸியன் மங்கலைப் பயன்படுத்தும். ஆனால் நடப்பது இதேதான்.

```
மூலம்:        40   40   40  160  160  160
மங்கல்:       40   40   80  120  160  160
வித்தியாசம்:    0    0  -40  +40    0    0
ஹை பாஸ்:    128  128   88  168  128  128
```

கதவு தனியாக இருக்கும் இடமும் முடி தனியாக இருக்கும் இடமும் சாம்பலாகிவிட்டன. இரண்டும் சந்திக்கிற ஓரம் மட்டும் தப்பித்தது. முழுப் படத்துக்கும் இதைச் செய்தால் வெறும் சாம்பல் தாளில் கோடுகளால் ஆன ஆச்சி தெரிவார்கள்: இமை, மூக்குத்தியின் விளிம்பு, நெற்றிக் கோடுகள், புள்ளிகளின் ஓரம்.

இந்தச் சாம்பல் தாளை மூலப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, இரண்டும் எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோடை மாற்றினால் படம் ஷார்ப் ஆகும். நிறையப் பேர் தாளை ஒரு இடைநிலைக் குப்பையாக நினைத்து, மோடை மாற்றியதும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அந்தத் தாள்தான். எதை ஷார்ப்பன் செய்யப் போகிறோம் என்பதை, செய்வதற்கு முன்பே தனியாக எடுத்துக் காட்டிவிடுகிறது. ஆச்சியின் படத்தில் கேமராவுக்குப் பக்கமாக இருந்த கண்ணில்தான் ஃபோகஸ். எஃப் 2 என்பதால் தூரத்துக் கண் கொஞ்சம் வெளியே போய்விட்டது. ஒரு பிக்சல் ரேடியஸில் ஹை பாஸ் போட்டால் பக்கத்துக் கண்ணின் இமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. தூரத்துக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய வெறும் சாம்பல். அங்கே பெருக்குவதற்கு எதுவும் பதிவாகவே இல்லை. ரேடியஸைக் கூட்டி வலுக்கட்டாயமாக ஏதாவது கொண்டுவந்தால், மங்கலான இமைக்கு ஒரு தடித்த கரைதான் வரும். அந்தக் கண்ணைத் தொடவே வேண்டாம் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

ஓவர்லே எங்கே அடங்குகிறது, எங்கே துள்ளுகிறது

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹை பாஸ் கணக்கில் புதிய மந்திரம் எதுவும் கிடையாது. அந்தச் சாம்பல் லேயரை லீனியர் லைட் மோடில், Fill அளவை 50 சதவீதமாக வைத்தால், கிடைப்பது அதே ரேடியஸில் 100 சதவீதம் போட்ட அன்ஷார்ப் மாஸ்க் என்ற வழக்கமான ஷார்ப்பன் ஃபில்டர்தான். இரண்டுமே "மூலம் கூட்டல் வித்தியாசம்". ஹை பாஸ் என்றாலே தானாக இயல்பாக வரும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது சரியல்ல. வேறுபாடு இரண்டு இடத்தில் வருகிறது: எந்த பிளெண்ட் மோட், எங்கே மாஸ்க்.

மேலே பார்த்த அதே ஆறு பிக்சலை லீனியர் லைட், ஓவர்லே, சாஃப்ட் லைட் என்ற மூன்று மோடிலும் போட்டுப் பார்க்கலாம்.

```
மூலம்:               40  40  40 160 160 160
லீனியர் லைட் 50%:    40  40   0 200 160 160
ஓவர்லே 100%:        40  40  28 190 160 160
சாஃப்ட் லைட் 100%:   40  40  30 173 160 160
```

லீனியர் லைட் வரிசையில் கதவின் ஓரம் 0 ஆகிவிட்டது. அது முழுக் கறுப்பு. என் முதல் பிரிண்ட்டில் முடியைச் சுற்றி மை தீட்டியது போல வந்த விளிம்பு இப்படித்தான் பிறக்கிறது. ஓவர்லேயில் அதே ஓரம் 28இல் நின்றுவிட்டது. கதவு கதவாகவே இருக்கிறது, முடி மட்டும் அதிலிருந்து பிரிந்து தெரிகிறது.

காரணம் இதுதான். ஓவர்லே, கீழே இருக்கும் படத்தின் பிரகாசத்தைப் பார்த்துத் தன் அளவை மாற்றிக்கொள்ளும். நடு டோனில், அதாவது 128க்குப் பக்கத்தில், வித்தியாசத்தை முழுதாகக் கூட்டும். கறுப்பை நோக்கியோ வெள்ளையை நோக்கியோ போகப் போகக் குறைத்துக்கொண்டே வரும். 10 அளவு வித்தியாசம் 128 உள்ள இடத்தில் 10ஆகவே சேரும். 230 உள்ள இடத்திலும் 25 உள்ள இடத்திலும் அது 2ஆகச் சுருங்கிவிடும். அதனால் வெள்ளை முடி வெடித்துப்போவதில்லை. கதவின் இருட்டில் இருக்கும் நாய்ஸும் அவ்வளவாக எழும்புவதில்லை. சாஃப்ட் லைட் இன்னும் மென்மை. நடு டோனில் ஓவர்லேயின் ஏறக்குறைய பாதி வேலையைச் செய்யும்.

ஆனால் இதே காரணத்தால் ஒரு சிக்கலும் வருகிறது. ஓவர்லே மிகப் பலமாக வேலை செய்வது நடு டோனில் என்றேன். ஆச்சியின் கன்னத்தில் மூன்று இடத்தில் ஐட்ராப்பரை வைத்துப் பிரகாசத்தைப் பார்த்தேன்: 120, 135, 128. நம் ஊர்த் தோல் நிறம் நல்ல வெளிச்சத்தில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து உட்காருகிறது. அதாவது, படத்திலேயே எதை மென்மையாக விட வேண்டுமோ அங்கேதான் ஓவர்லே முழு பலத்தோடு இறங்கும். இருட்டையும் வெள்ளையையும் அது தானே பார்த்துக்கொள்ளும், முகத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே முகம் இருக்கும் படத்தில் மாஸ்க் இல்லாமல் ஹை பாஸை நான் விடுவதே இல்லை.

எந்த ரேடியஸ்

"ஹை பாஸ் ரேடியஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ரேடியஸ் என்பது சல்லடையின் கண் அளவு மாதிரி. எந்த அளவுள்ள விவரம் தாளில் தங்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது, நமக்கு வேண்டிய விவரம் எத்தனை பிக்சல் அகலம் என்பதுதான்.

ஆச்சியின் படத்தை 12×18 பிரிண்ட்டுக்காக 3600×5400 பிக்சலுக்கு மாற்றிக்கொண்டேன். அங்குலத்துக்கு 300. அந்த அளவில் ஒரு இமை மயிர் இரண்டு மூன்று பிக்சல் அகலம். சுங்குடிப் புள்ளி ஒன்று ஒன்பது பத்துப் பிக்சல் இருக்கும். சுங்குடியைக் கையில் வைத்துப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் புள்ளி ஒரே சீரான வெள்ளைப் பொட்டு அல்ல. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால், முடிச்சு இறுக்கிய இடம் ஒழுங்கில்லாத ஒரு சின்ன வளையமாக இருக்கும், நடுவில் சாயம் ஏறிய ஒரு துளி. ஓரமும் பிசிறாக இருக்கும். அச்சுப் போட்ட சேலையில் அது வராது. எனக்குப் பிரிண்ட்டில் வேண்டியது அந்த வளையமும் அந்தத் துளியும்.

ரேடியஸை 0.3இலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே வந்தேன். 0.5இல் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, நாய்ஸ் மட்டும் நெளிந்தது. 1.0இல் இமைகளும், வெள்ளை முடியின் இழைகளும், சுங்குடி வளையத்தின் உள்விளிம்பும் எழுந்து வந்தன. 3இல் வளையமும் நடுத்துளியும் ஒன்றாகக் கலந்து, முழுப் புள்ளியும் ஒரு வெள்ளைக் குமிழாகிவிட்டது. கன்னத்தில் திட்டுத் திட்டாகத் தோலின் மேடுபள்ளம் வர ஆரம்பித்தது. 10இல் மூக்கின் வடிவமே வந்துவிட்டது. அது ஷார்ப்னஸ் கிடையாது, லோக்கல் கான்ட்ராஸ்ட். அதற்கும் ஒரு பயன் உண்டு, இங்கே அது வேண்டாம்.

ஆக, 1.0. சாம்பல் தாளில் ஓரங்கள் மட்டும் தெரிய வேண்டும். பொருளின் நிறமும் நிழலும் தெரியத் தொடங்கினால் நுண்விவரத்துக்குரிய ரேடியஸைத் தாண்டிவிட்டோம். இதைப் பார்க்கும்போது படம் 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப் திரை மிக அடர்த்தியான பிக்சல் உள்ளதாக இருந்தால் 100 சதவீதம்கூடச் சின்னதாகத்தான் தெரியும், அதில் 200 வைத்துப் பார்ப்பது நல்லது.

அளவு மாற்றும் வேலையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஹை பாஸ் போட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். 6000 பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் ரேடியஸில் போட்ட ஷார்ப்னஸ், படத்தை 2000 ஆகச் சுருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பிக்சலாகி ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

லேயரை அடுக்கியது

ரீடச் வேலையெல்லாம் முடிந்த பிறகு, Ctrl+Alt+Shift+E கொடுத்து எல்லா லேயரும் சேர்ந்த ஒரு நகலை மேலே எடுத்தேன். அதை Filter > Convert for Smart Filters வழியாக ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கினேன். அப்படிச் செய்தால் ரேடியஸை நாளைக்கு மாற்ற வேண்டும் என்றாலும் இரட்டைக் க்ளிக் செய்து மாற்றலாம். அடுத்து, ஃபில்டரைத் திறப்பதற்கு முன்பே லேயரின் மோடை ஓவர்லேக்கு மாற்றினேன். ஒரு நொடி படம் கன்னாபின்னாவென்று கான்ட்ராஸ்ட் ஏறித் தெரியும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு Filter > Other > High Pass திறந்தால், ஃபில்டரின் சின்னக் கட்டத்தில் சாம்பல் தாளும், பின்னால் பெரிய படத்தில் அதன் விளைவும் ஒரே நேரத்தில் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே தவிர, அந்த லேயர் உண்மையில் முழுச் சாம்பல் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலிலும் தனித்தனியாகக் கழிப்பதால் ஓரங்களில் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அரக்குச் சேலையில் வெள்ளைப் புள்ளி என்றால், புள்ளியைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வளையம் வரும். அகலத் திறந்த அப்பர்ச்சரில் வெள்ளை முடி ஓரத்தில் இருந்த மெல்லிய ஊதா இழையையும் அது சேர்த்துப் பெருக்கும். ஹை பாஸ் லேயருக்கு மேலே ஒரு Hue/Saturation லேயரை க்ளிப் செய்து, சாச்சுரேஷனை -100 ஆக்கினேன். நிற வளையம் போய்விட்டது, வெளிச்ச வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. சாதாரண லேயராக இருந்தால் Ctrl+Shift+U ஒன்றே போதும்.

ஜிம்ப் வைத்திருப்பவர்களுக்கு: 2.10 பதிப்பிலிருந்து Filters > Enhance > High Pass என்று ஃபில்டர் இருக்கிறது. நகல் லேயரில் போட்டு, மோடை ஓவர்லே ஆக்கினால் இதே வழி. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

மாஸ்க்கில் வரைந்தது

Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானை அழுத்தினால் கறுப்பு மாஸ்க் வரும். அதாவது ஷார்ப்னஸ் முழுவதும் மறைந்துவிடும். இனி வெள்ளை பிரஷ்ஷால் எங்கே தொடுகிறோமோ அங்கே மட்டும் வரும். மென்மையான ஓரமுள்ள பிரஷ், ஃப்ளோ 20 சதவீதம்.

முதலில் பக்கத்துக் கண். இமைகள், கருவிழியின் விளிம்பு, அதில் விழுந்த வாசல் வெளிச்சத்தின் துண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதியைத் தொடவில்லை. வயதானவர்களுக்கு அங்கே சின்னச் சின்ன ரத்த நாளங்கள் இருக்கும், அவற்றை எழுப்பினால் நோயாளிக் கண் மாதிரி ஆகிவிடும். பிறகு புருவம், மூக்குத்தியின் கல், தோடு, உதட்டின் கோடு. முடியில் நெற்றிக்கு மேலே இருக்கும் இழைகளை மட்டும் தொட்டேன். பின்பக்கம் ஃபோகஸ் போய்விட்டதால் சாம்பல் தாளிலும் அங்கே ஒன்றும் இல்லை.

சேலைக்குக் கை தாராளமாகப் போனது. முந்தியில் ஃபோகஸ் இருந்த தோள் பகுதி முழுவதும் வெள்ளை. கீழே மடி வரும்போது ஃபோகஸ் மெல்லக் குறைகிறது, மாஸ்க்கையும் அதே வேகத்தில் குறைத்துக்கொண்டே வந்தேன். ஃபோகஸ் குறைகிற இடத்தில் ஷார்ப்னஸைச் சட்டென்று நிறுத்தினால் துணியின் குறுக்கே ஒரு கோடு போட்டது போலத் தெரியும்.

முகத்தோலில்தான் அதிக நேரம் ஆனது. முதலில் கன்னத்தையும் நெற்றியையும் முழுக் கறுப்பாகவே விட்டுவிட்டேன். பார்த்தால், ஷார்ப்பான கண்ணுக்கும் ஷார்ப்பான சேலைக்கும் நடுவே முகம் மெழுகு பூசியது போல, வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல இருந்தது. ஆச்சிக்குச் சுருக்கம் இருக்கிறது. அது அவர்களுடைய முகம், அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. பெரியம்மா வருத்தப்பட்டது சுருக்கத்துக்காக இல்லை; காய்ந்த குளத்து மண் போல அதை நான் வெடிக்கவைத்ததற்காக. எனவே கன்னத்தில் மாஸ்க்கை ஏறத்தாழ 25 சதவீதச் சாம்பலுக்குக் கொண்டுவந்தேன். கண்ணோரத்துச் சிரிப்புக் கோடுகளில் மட்டும் 40 வரை. மயிர்த்துளை எழும்பவில்லை, ஆனால் தோல் தோலாகத் தெரிந்தது.

கதவு முழுக் கறுப்பு. ஓவர்லே அங்கே எப்படியும் அடங்கித்தான் இருக்கும் என்றாலும், ஐஎஸ்ஓ 1600 நாய்ஸுக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

இத்தனையும் செய்த பிறகு ஒரு தவறு செய்தேன். முந்தியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியதை அப்போதுதான் கவனித்து, கீழே இருக்கும் லேயருக்குப் போய் ஹீலிங் பிரஷ்ஷால் அழித்தேன். நூல் போனது, ஆனால் அதன் ஆவி மட்டும் அங்கேயே நின்றது: புடைத்தெழுந்த ஒரு மெல்லிய கோடு, ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. ஹை பாஸ் லேயர் என்பது கீழே இருந்த படத்தின் அந்த நேரத்து நகல். கீழே என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. மாஸ்க்கை வேறு லேயருக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஹை பாஸ் லேயரைத் தூக்கிவிட்டு, புதிதாக நகல் எடுத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. உங்கள் படத்தில் காரணம் புரியாமல் ஒரு புடைப்புக் கோடு தெரிந்தால் ஹை பாஸ் லேயரை அணைத்துப் பாருங்கள். கோடும் சேர்ந்து மறைந்தால் இந்தக் கதைதான்.

இன்னொன்றும் பிறகுதான் கண்ணில் பட்டது. கேமரா ராவில் ராவ் ஃபைலைத் திறந்தாலே ஷார்ப்பனிங் 40, ரேடியஸ் 1.0 என்று அதுவே போட்டுவைத்திருக்கும். என் முதல் பிரிண்ட் அதற்கு மேல் இரண்டு தடவை. இந்த முறை அதை அடியோடு எடுக்கவில்லை, கேமரா பதிவின் மென்மையைச் சரிசெய்ய அது தேவைதான். Masking ஸ்லைடரை மட்டும் 60க்குக் கொண்டுபோனேன். Alt அழுத்திக்கொண்டு அதை நகர்த்தினால், எந்த இடத்தில் ஷார்ப்பன் நடக்கிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டும். கன்னமும் கதவும் கறுப்பாகும் வரை நகர்த்தினேன்.

ஒபாசிட்டியைத் தாளே சொல்லட்டும்

மிச்சம் இருந்தது லேயரின் ஒபாசிட்டி. திரையில் பார்த்து அதை முடிவு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. மேட் தாளில் மை கொஞ்சம் பரவும். திரையில் சரியாக இருப்பது தாளில் சற்று மென்மையாகத்தான் வரும். எவ்வளவு மென்மை என்பது தாளுக்குத் தாள் மாறும்.

அதனால் முழுப் படத்தையும் அனுப்பாமல், கண்ணும் தோளும் வருகிற மாதிரி 4×6 அங்குலத் துண்டை அதே 300 அளவில் வெட்டினேன். அதையே நான்கு நகலாக, ஒபாசிட்டி 30, 50, 70, 100 என்று வைத்து, ஓரத்தில் எண்ணை எழுதி, பெரிய பிரிண்ட்டுக்கு எந்தத் தாளோ அதே தாளில் பிரிண்ட் எடுத்தேன். ஜன்னல் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 30க்கும் எதுவும் செய்யாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 100இல் இமைக்குப் பக்கத்தில் ஒரு வெளிர் கரை. பார்த்ததும் கண்ணை உறுத்தியது. 50 நன்றாக இருந்தது. 70இல் சுங்குடி வளையத்துக்கு நடுவில் அந்தத் துளி தெரிந்தது, கரை தெரியவில்லை. திரையில் அதே 70 எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. தாள் சொன்னதைக் கேட்டு 70 வைத்தேன்.

இரண்டாவது பிரிண்ட்டைப் பெரியம்மா மேசையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளரை வைத்துப் பார்த்தார்கள். முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விரலைத் தோளுக்கு மேலே, தாளில் படாமல் வைத்துக்கொண்டு, "இது நான் மதுரையில எடுத்துக் குடுத்த சேலைல்லா. கைமுடிச்சு. பாரு, புள்ளி ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல" என்றார்கள்.

அன்று சாயங்காலமே அவர்கள் பேரன் வாட்ஸ்அப்பில் படம் கேட்டான். பிரிண்ட் ஃபைலை அப்படியே அனுப்பவில்லை. ஹை பாஸ் லேயரை அணைத்து, படத்தை நீளவாக்கில் 1600 பிக்சலுக்குச் சுருக்கி, 0.4 ரேடியஸில் புதிதாக ஒன்று போட்டு, சாஃப்ட் லைட்டில் வைத்து அனுப்பினேன். அந்த அளவில் சுங்குடிப் புள்ளியே மூன்று பிக்சல்தான். வளையமும் துளியும் தெரியாது. அவற்றைப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து சுவரில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.